ஆயா தொடாத சிவப்புப் பொத்தான்

என் மகள் சம்பாதித்து வாங்கிய ஸ்மார்ட்போன் எனக்கு வரவில்லை, என் மாமியாருக்குப் போனது. இதை இப்போது எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெற்றவள் நான். உத்திரமேரூர் ரோட்டில் ஸ்கூல் பஸ் வரும்வரை வெயிலில் நின்றவள் நான். போன் மட்டும் அப்பாவைப் பெற்ற ஆயாவுக்கு.

"நீ எப்பப் பாத்தாலும் மெஷின்ல உக்காந்துக்கினு இருப்பம்மா, எடுக்க மாட்ட. ஆயா சும்மாதான கீது, எடுக்கும்" என்று மகள் காரணம் சொன்னாள். நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறேன். என்னிடம் இருந்தது பட்டன் போன், அதில் முகம் தெரியாது. மகள் கல்யாணமாகி ஓசூரில் இருந்தாள், முழுகாமல் இருந்தாள். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நான் என் மாமியாரின் தோளுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். இதைவிடப் பெரிய தண்டனையை யாரும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது.

எனக்கும் என் மாமியாருக்கும் ஒத்துப்போகாது என்று தெருவில் சொல்வார்கள். மரியாதைக்காக அப்படிச் சொல்கிறார்கள். விடிந்ததும் வாசல் தெளிக்கிற தண்ணீரில் ஆரம்பித்தால் ராத்திரி கதவுக்குத் தாழ்ப்பாள் போடும்வரை நாங்கள் ஓய மாட்டோம். என் பிறந்த ஊர் மாகறல். கல்யாணமாகி வந்த அன்றிலிருந்து அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா மாகறலு" என்பாள். அந்த ஊரில் பிறந்ததே ஒரு குற்றம் போல அதை இழுத்துச் சொல்வாள். நானும் சளைத்தவள் இல்லை. என் வீட்டுக்காரர் ஒரகடத்தில் கம்பெனி வேலை, விடிவதற்குள் பஸ் ஏறிவிடுவார். "உங்க ரெண்டு பேரு பஞ்சாயத்துல என்ன இழுக்காதீங்க" என்பதுதான் அவர் இந்த வீட்டில் அதிகம் பேசிய வாக்கியம்.

போனில் சிம் போட்டு, வாட்ஸப் ஏற்றி, அம்மா கையில் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். சொல்லிக்கொடுக்கும் வேலையை மகள் ஓசூரிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

முதல் சில நாட்கள் போன் மணி அடித்துக்கொண்டே இருக்கும், கிழவி பச்சை வட்டத்தைக் கட்டை விரலால் குத்திக்கொண்டே இருப்பாள். அது குத்துகிற பொத்தான் இல்லை, விரலை வைத்து மேலே தள்ள வேண்டும். தள்ளினாலும் அவள் விரலை அது மதிக்கவில்லை. நடவிலும் சாணியிலும் ஊறிக் காய்ந்த விரல், நுனியெல்லாம் வெடிப்பு. கண்ணாடிக்கு அது விரல் என்றே தெரியவில்லை. எச்சில் தொட்டுத் தள்ளிப் பார்த்தாள். ஈரமானால் இன்னும் மோசம், திரை தன்னிஷ்டத்துக்கு ஆடியது. கடைசியில் மகள் என் பட்டன் போனில் கூப்பிட்டு, "ஆயா கைக்குத் தேங்கா எண்ண தடவி நல்லா தொடைக்கச் சொல்லும்மா" என்றாள். எண்ணெய் எடுத்துக் கொடுக்க நான். போன் வேலை செய்தது. இன்ன பொருளுக்கு இன்னார் சேவகம் செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது பாருங்கள்.

எடுத்ததும் காதில் வைத்துக்கொள்வாள். அந்தப் பக்கம் என் மகளுக்கு ஒரு காதும் அதில் ஒரு கல் கம்மலும் மட்டும் தெரியும். "ஆயா, மூஞ்சிய காட்டு, மூஞ்சிய காட்டு" என்று அவள் கத்துவது தெரு முனைவரை கேட்கும், காதில் வைத்திருக்கிறவளுக்குத்தான் புரியாது. பிறகு முகத்துக்கு நேரே பிடிக்கப் பழகினாள். அப்போது விரல் கேமராவை மூடிக்கொள்ளும். விரலை எடுத்தால் மேலே சுற்றுகிற பேன் தெரியும். திரை ஓரத்துச் சின்னக் கட்டத்தில் தன் முகம் தெரிவதைக் கண்டுபிடித்த அன்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு அதோடுதான் பேசினாள். பேத்தி பெரிதாக நடுவில் சிரித்துக்கொண்டிருந்தாள், அவளை யார் பார்த்தது.

பூட்டு இன்னொரு கூத்து. ஒன்பது புள்ளி இருக்கும், கோடு போட்டுச் சேர்த்தால் திறக்கும் என்று மகள் ஏற்பாடு செய்யச் சொல்லி, அவள் அப்பா அப்படியே வைத்துவிட்டார். புள்ளியைக் கண்டதும் கிழவி கோலம் போடத் தொடங்கினாள். எங்கள் வாசலில் அவள் போடுவது சிக்குக் கோலம். கோடு புள்ளியைத் தொடாது, சுற்றிக்கொண்டு போகும். போனுக்கோ கோடு புள்ளிக்கு மேலேயே ஏறிப் போக வேண்டும். "புள்ளிய மெதிச்சிக்கினு போவறது இன்னா கோலம்" என்று அவள் விடாமல் சுற்ற, தப்பு தப்பு என்று அது அதிர்ந்து, கொஞ்ச நேரம் கழித்து வா என்று அடைத்துக்கொண்டது. கடைசியில் பூட்டையே எடுத்துவிட்டார்கள். எனக்கு வாசலில் கோலம் போடச் சொல்லிக்கொடுத்தபோது ஒரு இழை பிசகினதற்காகக் கையைத் தட்டிவிட்டவள் அவள். அன்றைக்கு நான் மெஷினை வேகமாக மிதித்துக்கொண்டு சிரித்தேன்.

அவள் திரையில் என்ன தெரிகிறது என்று மகளுக்குத் தெரியாததுதான் பெரிய சிக்கல். கிழவிக்கு எழுத்துத் தெரியாது. "அங்க ஒரு பொம்ம கீது, இங்க ஒரு கோடு கீது" என்பாள். மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். போனைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தால், முன்பக்கக் கேமரா கண்ணாடியைப் பார்க்கும், கண்ணாடியில் போனின் திரை தெரியும், எழுத்து மட்டும் இடவலம் மாறி இருக்கும். ஓசூரில் உட்கார்ந்துகொண்டு, "அந்த பச்ச டப்பா, அதத் தொடு. மொத வட்டத்துல என் மூஞ்சி கீதா, அதத் தொடு. மேல கேமரா பொம்ம, அதத் தொடு" என்று படிப்படியாகச் சொல்வாள். முகச்சவரக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது யார்? நான்தான்.

"கைய ஆட்டாத மாகறலு" என்பாள் கிழவி.

"உன் கைதான் ஆடுது, வயசாயிட்ச்சி" என்பேன்.

இத்தனை பாடத்திலும் அவள் எடுக்கத்தான் கற்றுக்கொண்டாள். தானாக ஒரு முறைகூடக் கூப்பிட்டதில்லை. பேத்தி கூப்பிட வேண்டும், அதுதான் முறை என்பது அவள் கட்சி.

ஒருநாள் மதியம் நான் தைத்துக்கொண்டிருந்தேன். அவள் கூடத்தில் தட்டோடு உட்கார்ந்து பேத்தியிடம் பேசிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தியிருந்தாள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"இன்னா சாப்பாடுன்னு கேக்கற. உங்கம்மா இன்னாத்த போடும். நேத்து சோத்துல தண்ணி ஊத்தி வெச்சிது. ஊறுகா கூட இல்ல."

அந்தப் பக்கமிருந்து என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கிழவியின் விரல் எப்போதோ கேமராவைத் திருப்பும் குறியில் பட்டிருக்கிறது. பின்பக்கக் கேமரா அவள் மடியில் இருந்த தட்டை ஓசூருக்குக் காட்டிக்கொண்டிருந்தது. சுடுசோறு, ஏரிக் கெண்டைக் குழம்பு, ஓரத்தில் பொரித்த துண்டு இரண்டு.

நான் விடுவேனா. மெஷினை விட்டு எழுந்து வந்து அவள் மாமியாராக எனக்கு முதன்முதலில் செய்ததில் ஆரம்பித்தேன். அவளும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தொடங்கினாள். என் அம்மாவை, என் அம்மா ஊரை, ஊர் ஆற்றை எல்லாம் வரிசையாக இழுத்தாள். மகள் முகம் திரையில் வாடிப்போனதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் என் பட்டன் போனுக்கு மகள் கூப்பிட்டாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து அவளை இங்கே அழைத்துவர இருந்தோம். தலைப்பிரசவம் தாய் வீட்டில். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. பிறக்கப்போகிற குழந்தைக்காகப் பழைய மெல்லிசு வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து மடிக்க நான் அப்போதே ஆரம்பித்திருந்தேன்.

"எனக்கு பிரஷர் கீதும்மா. டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க. நீங்க ரெண்டு பேரும் இப்டி கத்திக்கினு இருந்தா நான் அங்க வரல. இங்கயே பாத்துக்கறேன்."

 அதற்குப் பிறகு வீடியோ கால் ஓடும்போது நாங்கள் சண்டை போடவில்லை. பேசி வைத்துக்கொண்டது எதுவும் இல்லை, இருவருமே பயந்தோம். போன் மணி அடித்ததும் வாயை மூடிக்கொள்வோம். "அத்த, காபி குடிக்கிறீங்களா" என்று நான் கேட்பேன். "குடும்மா" என்று அவள் சொல்வாள். அந்த 'ம்மா' என் காதில் விழும்போதெல்லாம் யாரோ என் மேல் புழுவை விட்ட மாதிரி இருக்கும். மகள் மட்டும் சந்தோஷமாக இருந்தாள். பேசி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

முடிப்பதில்தான் வினை இருந்தது. சிவப்புப் பொத்தானை மட்டும் கிழவி தொட மாட்டாள். மகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"பேசி முட்ச்சதும் அந்த செவப்ப தொட்டு கட் பண்ணிடு ஆயா."

"நான் பண்ண மாட்டேன்."

"ஏன் ஆயா?"

"வாயும் வவுறுமா கீற புள்ள போய்ட்டு வரேன்னு சொல்லுது. அதுங்கிட்ட நான் கட்டுன்னு வெட்டுவனா. அது இன்னா பேச்சு. நீயே போம்மா. நீ போனப்பறம் அது தானா அணையட்டும்."

எங்கள் பக்கம் வீட்டை விட்டு யாராவது கிளம்பினால் அவர்கள் தெரு திரும்பும்வரை கதவைச் சாத்த மாட்டோம், உடனே பெருக்கவும் மாட்டோம். அவள் அந்தக் கணக்கைப் போனுக்கும் போட்டாள். மகளும் விட்டுவிட்டாள். எப்போதும் அவளே அந்தப் பக்கம் கட் செய்வாள். கிழவி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்திருந்துவிட்டு, போனை அரிசி டிரம்மின் மேல் குப்புற வைப்பாள். குப்புற வைத்தால் அது தூங்கிவிடும் என்பது அவள் கணிப்பு.

அன்றைக்கும் நல்லபடியாகத்தான் முடிந்தது. காபி, ம்மா, எல்லாம் ஆயிற்று. "கேஸ் வந்துக்கீது போல, போய்ட்டு வரேன் ஆயா" என்று மகள் எழுந்து போனாள். கிழவி போனைக் குப்புற வைத்தாள். சிலிண்டர் வந்த அவசரத்தில் மகள் கட் செய்யவில்லை. கிழவியும் செய்யவில்லை. லைன் ஓடிக்கொண்டே இருந்தது.

நாங்கள் உள் அறையைப் பற்றி ஆரம்பித்தோம். வீட்டில் கதவு உள்ள அறை அது ஒன்றுதான். பிள்ளை பெற்றவள் அதில்தான் படுக்க வேண்டும். அதில் என் தையல் மெஷினும் இருக்கிறது, கிழவியின் கட்டிலும் இருக்கிறது.

"உன் மிஷின தூக்கி வெளிய போடு. ராவும் பகலும் கடகடன்னா கொயந்த தூங்குமா" என்றாள்.

"உன் கட்டில எடு. நீ ராத்திரி இருமற இருமல்ல ஊரே தூங்கல, கொயந்த தூங்குமா?"

"என் பேத்திக்கி நான்தான் பக்கத்துல படுக்கணும். உனுக்கு இன்னா தெரியும். அத பெத்தப்பவே நீ மயங்கிக் கடந்தவ."

இது அவள் என்றைக்கும் கடைசியில் எடுக்கிற கத்தி. மகள் பிறந்தபோது எனக்கு ரத்தம் போய் நினைவு தப்பியது. குழந்தையை முதலில் கையில் வாங்கியவள் அவள். அதைச் சொன்னால் கோபத்தில் எனக்குக் கண் தெரியாது.

"அப்ப நீயே வெச்சிக்கோ" என்று கத்தினேன். "உன் பேத்தி உன்ன மாதிரியேதான் கீது, அதே வாயி, அதே திமிரு. உனுக்குத்தான போன் வாங்கிக் குட்த்துது. ரெண்டு ராட்சசிய ஒரே வூட்ல வெச்சி என்னால ஆக்கிப் போட முடியாது. அது வராமலே இருக்கட்டும். எனுக்கு நிம்மதி."

கிழவி தண்ணீர் குடிக்கப் போனாள். அந்தச் சண்டை எங்களுக்கு அதோடு முடிந்தது. சாயங்காலம் நான் அவளுக்குக் கசாயம் வைத்துக் கொடுத்தேன், இனிப்புப் போதவில்லை என்று திட்டிக்கொண்டே குடித்தாள்.

மறுநாள் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. என் பட்டன் போனிலிருந்து கூப்பிட்டால், "அப்பறம் பேசறம்மா" என்று வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் வேலையிலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே சொன்னார்.

"அது வரலியாம். வளகாப்பும் அங்கியே வெச்சிக்கிறாங்களாம். நடந்தத அதோட மாமியாருகிட்ட சொல்லிட்ச்சாம், அவங்களே வந்து பாத்துக்கிறாங்களாம். அன்னிக்கி நீங்க பேசனது பூரா கேட்டுக்கினு இருந்துதாம், ஆயா போன கட் பண்ணலயாம்."

 பிறகு கிழவியின் பக்கம் திரும்பினேன். அன்று நான் பேசிய மாதிரி என்றைக்கும் பேசியதில்லை. ஒரு சிவப்புப் பொட்டைத் தொட்டால் விரல் அழுகிவிடுமா என்று கேட்டேன். முறை பார்த்தாயே, இப்போது என் பிள்ளையையே வெட்டிவிட்டாயே என்று கேட்டேன். வழக்கமாக வார்த்தைக்கு வார்த்தை திருப்பிக் கொடுப்பவள், அன்று போனைக் கையில் எடுத்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனபின் நாஷ்டாவுக்கு அரைத்த அடை மாவைக் கையால் கலந்துகொண்டிருந்தேன். மடித்து வைத்த வேட்டித் துணிகள் எதிரில் அலமாரியில் இருந்தன. அவற்றைப் பார்க்கக் கூடாது என்றுதான் கீழே பார்த்துக் கலந்தேன். கூடத்தில் கிழவி ஏதோ முணுமுணுப்பது கேட்டது.

"பச்ச டப்பா. மொத வட்டம். மூஞ்சி கீது. மேல கேமரா பொம்ம."

எட்டிப் பார்த்தேன். கண்ணாடி பிடிக்க ஆளில்லாமல், எண்ணெய் தடவித் துடைத்த விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிடட்டுமா என்று போன் கேட்டிருக்க வேண்டும், மறுபடி ஒரு தடவை தொட்டாள். மணி போகிற சத்தம் வந்தது. அவள் தானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பேத்தி எடுத்தாள்.

"ஆயா? நீயே பண்ணியா? யார் பண்ணிக் குட்த்தாங்க?"

"நான்தான் பண்ணேன். நீ கம்னு கேளு. நீ எங்க பேச்ச ஒளிஞ்சிக்கினு கேட்டியாமே."

"ஒளிஞ்சி கேக்கல ஆயா. லைன் கட் ஆவல. நான் வராமலே இருந்தா நிம்மதின்னு அம்மா..."

"அது உனுக்கு சொன்னதா?" கிழவியின் குரல் எகிறியது. "அது எனுக்கு சொன்னது. நாங்க ரெண்டு பேரு இந்த வூட்ல இன்னிக்கி நேத்தா பேசிக்கினு கீறோம். நான் அத வூட்ட வுட்டுப் போன்னு எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன், அது போச்சா? அது என்ன செத்துப் போன்னு சொல்லிக்கீது, நான் செத்தனா? எங்க பேச்சு எங்குளுக்குப் புரியும். நடுவுல வந்து காத வெச்சிட்டு, எனுக்கு நோவுதுன்னா நாங்க இன்னா பண்ண முடியும்."

"ஆயா, எனக்கு பிரஷர்..."

"உங்கம்மா வேட்டி கியிச்சி மட்ச்சி வெச்சிக்கினு கீது. உனுக்கு அது தெரியாது, அத போன்ல காட்ல. நீ வந்தா வா, வராங்காட்டி போ. ஆனா எம்மருமவள பத்தி உம்மாமியாகிட்ட போய் சொன்ன பாரு, அது தப்பு. அத திட்டறதுக்கு நான் கீறேன். வேற எவளும் வேணாம்."

சொல்லிவிட்டு, விரலை நீட்டி, சிவப்புப் பொத்தானை ஒரே குத்தாகக் குத்தினாள். அது குத்தினால் வேலை செய்கிற பொத்தான்தான். என் மகள் முகம் பாதிப் பேச்சில் அணைந்துபோனது.

நான் மாவுக் கையோடு நின்றேன். வாயும் வயிறுமாக இருக்கிற பிள்ளையிடம் வெட்ட மாட்டேன் என்றவள் வெட்டிவிட்டு உட்கார்ந்திருந்தாள். விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  எனக்கு அழுகை வந்தது, அவள் முன்னால் அழப் பிடிக்கவில்லை, அழுதேன்.

உடனே போன் மணி அடித்தது. திரையில் என் மகள் முகம். கிழவி எடுக்கவில்லை. எழுந்து வந்து போனை என் முன்னால் நீட்டினாள்.

"எடு."

"கையெல்லாம் மாவு."

"எதுக்குத்தான் ஒதவற நீ" என்று சொல்லி, தன் விரலால் மேலே தள்ளிவிட்டு, என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். முதல் தடவையாக அந்தச் சின்னக் கட்டத்தில் என் முகம் மட்டும் தெரிந்தது. அந்தப் பக்கம் என் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அறையில மிஷின் இருக்கட்டும்மா. நீ பக்கத்துலயே தைக்கலாம். ஆயா கட்டிலும் இருக்கட்டும். நான் தரையிலகூட படுத்துக்கறேன்."

"தரையில படுப்பாளாம்" என்றாள் கிழவி, போனுக்குப் பின்னாலிருந்து. "என் பேத்திய நீ பெத்து வெச்சிக்கீற லட்சணத்தப் பாரு. மாகறலு புத்தி."

"கைய ஆட்டாத" என்றேன் நான். "மூஞ்சி தெரியல."